குட்டியானை வராத காலை: ஒரு கும்பிடு ஸ்டிக்கரும் தப்பிய ஆள் கணக்கும்

போன வருடம் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை 4 மணி. காட்பாடியில் எங்கள் சமையல் கொட்டகை வாசலில் அண்டா, தேக்சா, இட்லிப் பானை எல்லாம் கழுவிக் கவிழ்த்து அடுக்கியிருந்தது. நேதாஜி மார்க்கெட்டிலிருந்து முந்தின நாள் மாலை வந்த காய் மூட்டைகளும் பக்கத்திலேயே. இதையெல்லாம் ஏற்றிக்கொண்டு பாலாற்றுப் பாலம் தாண்டி சத்துவாச்சாரி மண்டபத்துக்குப் போகவேண்டிய குட்டியானை மட்டும் வரவில்லை. டிரைவர் தம்பிக்கு போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தான். போளூரில் இருந்தான், வேறு சவாரி.

"இன்னாணா, நான்தான் புதன்கிழமையே கும்பிடு போட்டேனே" என்றான்.

என் கையில் இருந்த பட்டியலில் அவன் பெயருக்கு நேரே ‘வருகிறார்’ என்று இருந்தது. அந்தப் பட்டியலை நான் எழுதவில்லை. வாட்ஸ்அப் குழுவின் உரையாடலை அப்படியே ஒரு ஏஐ சாட் கருவியில் ஒட்டி, பட்டியல் போட்டுத் தரச் சொல்லியிருந்தேன். தப்பு எந்த இடத்தில் நடந்தது என்று பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தோண்டிப் பார்த்ததன் குறிப்புதான் இது.

மாமா சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவர். நான் அவருக்குக் கணக்கு, பில், ஆள் ஏற்பாடு பார்க்கிறேன். குழுவில் எங்கள் இருவரையும் தவிர 24 பேர்: பரிமாறுகிறவர்கள், காய் நறுக்குகிறவர்கள், பாத்திரம் கழுவும் அக்காக்கள், லீவு நாளில் வரும் காலேஜ் பசங்க, அந்த டிரைவர் தம்பி. புதன்கிழமை இரவு மாமா ஒரே ஒரு செய்தி போட்டார். ஞாயிறு காலை முகூர்த்தம், 5 மணிக்கு மண்டபத்தில் இருக்கணும், 14 பேர் வேணும், வர்றவங்க சொல்லுங்க. அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக்குள் 20 பேர் பதில் சொல்லிவிட்டார்கள், அவரவர் பாணியில். ஐந்து பேர் எழுத்தில் சொன்னார்கள். அதில் நான்கு பேர் வரேன் என்றும் ஒருவர் பார்த்துட்டுச் சொல்றேன் என்றும். நான்கு பேர் வெறும் ஈமோஜி அனுப்பினார்கள்: இரண்டு 👍, இரண்டு 🙏. ஐந்து பேர் ஸ்டிக்கர். மீதி ஆறு பேர் எதுவும் அனுப்பவில்லை; மாமாவின் செய்தியை அழுத்திப் பிடித்து ரியாக்‌ஷன் போட்டார்கள். ஐந்து 👍, ஒரு 😢. நான்கு பேர் வாயே திறக்கவில்லை.

இந்தக் குழுவைப் பத்து வருடமாக அறிந்தவருக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. மாமா கணக்குப்படி 15 பேர் வருகிறார்கள், நான்கு பேர் வரவில்லை, ஒருவர் சந்தேகம், நான்கு பேர் சத்தமில்லை. கருவி எனக்குத் தந்தது: 13 பேர் வருகிறார்கள், ஒருவர் சந்தேகம், 10 பேர் பதில் இல்லை. வரமாட்டேன் என்றவர் ஒருவர்கூட இல்லை. அந்த ஒரு விஷயத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். 24 பேர் இருக்கும் குழுவில், அதுவும் வைகாசி முகூர்த்த சீசனில், ஒருவர்கூட முடியாது என்று சொல்லாமல் இருப்பாரா?

எனக்கு வரவில்லை. 14 தேவை, 13 இருக்கிறார்கள், சரி, பாதுகாப்புக்கு இரண்டு பேர் என்று ராணிப்பேட்டையில் வேறொரு செட்டிலிருந்து ஆள் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை மாமா, "எத்தனை பேர்டா?" என்றார். "13, ரெண்டு பேர் வெளியில சொல்லியிருக்கேன்" என்றேன். அவர் மனதில் 15 இருந்திருக்கிறது. நான் எல்லோருக்கும் போன் போட்டுக் கேட்டுவிட்டேன் போல என்று நினைத்து விட்டுவிட்டார். ஞாயிறன்று 17 பேர் வந்து நின்றார்கள், மூன்று பேர் கூலி தண்டம். வண்டி மட்டும் இல்லை. வேறு வண்டி பிடித்து ஏற்றி இறக்க 6 மணி ஆகிவிட்டது; டிபன் பந்தி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை இங்கே எழுத எனக்கு இஷ்டமில்லை.

13, 15 என்று பார்த்தால் தப்பு சின்னதாகத் தெரியும். பெயர் பெயராக ஒப்பிட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ‘வருகிறார்’ என்று போட்ட 13 பேரில் மூன்று பேர் வரமாட்டேன் என்று சொன்னவர்கள். வருவதாகச் சொன்ன ஐந்து பேர் ‘பதில் இல்லை’ பட்டியலில் கிடந்தார்கள். ஆக வருகிறவர்கள் கணக்கில் மட்டும் எட்டுப் பெயர் தப்பு. மூன்று கூடி, ஐந்து குறைந்ததால் கூட்டுத்தொகை மட்டும் கிட்டத்தட்ட சரியாக வந்து நின்றிருக்கிறது. மொத்தத்தை மட்டும் பார்க்கிறவன் ஏமாறுவதற்கு என்றே செய்த கணக்கு மாதிரி.

முதலில் கருவியின் கையில் உண்மையில் என்ன போனது என்று பார்த்தேன். நான் கொடுத்தது வாட்ஸ்அப்பின் ‘எக்ஸ்போர்ட் சாட்’ வழியாக, மீடியா இல்லாமல் எடுத்த .txt கோப்பு, கூடவே 24 பெயர்ப் பட்டியல். அந்தக் கோப்பின் நடுப்பகுதி இப்படி இருந்தது (என் போனில் சேமித்திருக்கும் பெயர்கள்தான் கோப்பிலும் வரும்):

```
04/06/25, 9:21 pm - காட்பாடி அக்கா: வரேன் தம்பி
04/06/25, 9:22 pm - பாகாயம் பெரியவர்: 🙏
04/06/25, 9:30 pm - டிரைவர் தம்பி: <Media omitted>
04/06/25, 9:34 pm - காலேஜ் பையன் 2: <Media omitted>
04/06/25, 9:41 pm - திருவலம் அண்ணன்: 👍
```

ஸ்டிக்கர், போட்டோ, வாய்ஸ் நோட், வீடியோ எல்லாம் ஆண்ட்ராய்டில் இந்த ஒரே `<Media omitted>` ஆகிவிடுகின்றன. ஐபோனில் எடுத்தால் `sticker omitted` என்று வகையாவது தெரியும். எப்படியானாலும் ஸ்டிக்கரில் இருந்தது கும்பிடா குத்தாட்டமா என்பது கோப்பில் இல்லை.

ரியாக்‌ஷன் இன்னும் மோசம். அது வாட்ஸ்அப்பில் 2022இல் வந்த வசதி. ஒரு செய்தியின் மேல் ஒட்டிக்கொள்ளும் குறி, தனிச் செய்தி அல்ல. அதனால் எக்ஸ்போர்ட் கோப்பில் அதற்கு வரியே கிடையாது. `<Media omitted>` பார்த்தால் இங்கே ஏதோ இருந்தது என்றாவது தெரியும். ரியாக்‌ஷன் போட்ட ஆறு பேர் கோப்பைப் பொறுத்தவரை அன்று குழுவிலேயே இல்லாதவர்கள். கருவி அவர்களைப் ‘பதில் இல்லை’ என்று போட்டதில் தப்பே சொல்ல முடியாது. தப்பு முழுக்க என்னுடையது.

ஆனால் டிரைவர் தம்பி விஷயத்தில் அப்படிச் சொல்லிவிட முடியாது. அங்கே ஓட்டை இருப்பது கண்ணுக்குத் தெரிந்தும் கருவி அதை ‘வருகிறார்’ என்று பூசியிருக்கிறது. அதே கோப்பை மறுபடி கொடுத்து, இந்த முறை ஒரு பத்தி கூடுதலாகக் கேட்டேன்: ஒவ்வொரு பெயருக்கும் எந்த வரியை வைத்து முடிவு செய்தது என்று அந்த வரியை அப்படியே எடுத்துப் போடவேண்டும். வந்த அட்டவணையில் டிரைவர் தம்பிக்கு நேரே ‘வருகிறார்’, ஆதாரம்: `<Media omitted>`. ஐந்து ஸ்டிக்கர்காரர்களுக்கும் இதே கதை. ஒன்றுமில்லாத வரியை ஆதாரமாகக் காட்டி ஆமாம் போட்டிருக்கிறது.

ஏன் என்பதை ஊகிக்க முடியும். இந்த மாதிரிக் கருவிகள் சுற்றியுள்ள எழுத்தை வைத்து அடுத்தது என்னவாக இருக்கும் என்று நிரப்பக் கற்றவை. மேலே ‘வரேன்’, கீழே 👍, நடுவில் ஒரு வெற்றிடம். கேள்வி கேட்ட கொஞ்ச நேரத்தில் ஒருவர் ஏதோ அனுப்பியிருக்கிறார் என்றால் சம்மதமாகத்தான் இருக்கும் என்று வரிசையின் போக்கு சொல்கிறது. மனிதர்களும் இப்படித்தான் ஊகிப்போம். ஆனால் நாம் ஊகித்தால், ‘தெரியல, சும்மா சொல்றேன்’ என்று குரலில் ஒரு இழுப்பு வரும். அட்டவணைக் கட்டத்துக்கு அந்த இழுப்பு கிடையாது.

அடுத்து அந்த இரண்டு 🙏. எனக்கு இந்த விசாரணையிலேயே ருசியான இடம் இதுதான். இங்கே எதுவும் தொலைந்துபோகவில்லை. குறி முழுசாகக் கருவிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இருந்தும் ஒன்று தப்பு.

ஈமோஜி நமக்குப் படம்; கருவிக்கு எழுத்து. 🙏 என்பது யூனிகோடில் U+1F64F என்ற எண்ணுள்ள ஓர் எழுத்து, ‘அ’வுக்கு ஓர் எண் இருப்பதுபோல. கோப்பில் அது F0 9F 99 8F என்ற நான்கு பைட்டாக உட்கார்ந்திருக்கும். கருவி அதை ஒன்றோ இரண்டோ மூன்றோ டோக்கனாக, அதாவது அது படிக்கும் சின்னத் துண்டாக, வாங்கிக்கொள்ளும். கையின் வடிவம், தலை குனிந்திருக்கிறதா, முகத்தில் சிரிப்பா அலுப்பா எதுவும் அதற்குள் இல்லை. அந்தக் குறியைச் சுற்றி உலகம் இதுவரை என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதன் அர்த்தம். அப்படி எழுதப்பட்டதில் பெரும்பகுதி ஆங்கிலம். அங்கே இந்தக் குறி நன்றி, தயவுசெய்து, பிரார்த்தனை என்று வருகிறது. 2010இல் யூனிகோட் 6.0இல் இது சேர்ந்தபோது வைத்த பெயர் ‘கை கூப்பிய நபர்’ என்கிற பொருளில்தான். ஜப்பானிய செல்போன்களிலிருந்து வந்தது. அங்கேயும் இது தயவுசெய்து, நன்றி, மன்னிக்கவும்.

நம் ஊரில் கும்பிடுக்கு இருக்கும் வேலை வேறு. வரும்போதும் கும்பிடு, போகும்போதும் கும்பிடு. பெரியவர் சொன்னதுக்குச் ‘சரிங்க’ என்பதற்கும் கும்பிடு. சாவு வீட்டுச் செய்திக்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. அப்புறம், ‘உனக்கு ஒரு கும்பிடு, ஆளை விடு’ என்பதற்கும் அதே கும்பிடுதான். ஒருவன் ஒரு வேலைக்குப் பெரிய கும்பிடு போட்டான் என்றால் அந்தப் பக்கமே இனி தலைவைத்துப் படுக்கமாட்டான் என்று அர்த்தம். வாயால் ‘முடியாது’ என்று மாமாவிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு இதைவிட மரியாதையான மறுப்பு கிடையாது.

குழுவில் வந்த இரண்டு தனி 🙏இல் பாகாயம் பெரியவருடையது ‘சரிங்க’. அவர் எதற்கும் அதைத்தான் போடுவார், போட்டால் வந்துவிடுவார். இன்னொன்று விருதம்பட்டு அக்காவுடையது. அது ‘என்னை விட்டுடுங்க’. அதே நான்கு பைட்டு. ஓர் எழுத்து வித்தியாசம் கிடையாது.

இதைக் கருவி எப்படிக் கையாள்கிறது என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். ‘உடம்பு முடியல மாமா 🙏’ என்று கொடுத்தால் வரவில்லை என்று சரியாகப் பிரித்தது. ‘கண்டிப்பா 🙏’ என்றால் வருகிறார். ‘அண்ணி இப்பதான் தவறிட்டாங்க’ என்ற செய்திக்குக் கீழே 🙏 வைத்தால் துக்கம் என்று புரிந்துகொண்டது. ஆக, பக்கத்தில் ஒரு சொல் இருந்தால் போதும், தமிழிலேயே இருந்தாலும் பிடித்துவிடுகிறது. ஆனால் வேலைக்கு அழைக்கும் செய்திக்குக் கீழே தனியாக 🙏 வைத்து, புதுச் சாளரம் திறந்து பத்துத் தடவை கொடுத்தேன். பத்துத் தடவையும் சம்மதம். ஒரு தடவையாவது ‘உறுதியில்லை’ என்று வரும் என்று எதிர்பார்த்தேன். தனிக் கும்பிடு இரண்டு பக்கமும் வெட்டும் என்று நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பிறகுதான் இரண்டையும் ‘கேட்க வேண்டும்’ என்று ஒதுக்கியது.

சரி, ஸ்டிக்கரைக் கண்ணில் காட்டினால் கருவி புரிந்துகொள்ளுமா? மீடியாவோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு zip கோப்பு கிடைக்கும். உரையில் `<Media omitted>` இருந்த இடத்தில் `STK-20250604-WA0012.webp (file attached)` என்பதுபோல் கோப்புப் பெயர் இருக்கும். Zip-க்குள் அந்தப் பெயரிலேயே படமும் இருக்கும். STK என்று ஆரம்பித்தால் ஸ்டிக்கர், IMG என்றால் போட்டோ. வாட்ஸ்அப் ஸ்டிக்கர் 512-க்கு 512 பிக்சல் வெப்பி படம். அசையாத ஸ்டிக்கருக்கு 100 கேபி, அசைவதற்கு 500 கேபி உச்சவரம்பு. படிக்க இந்த அளவு தாராளம்.

ஐந்தையும் தனித்தனியாக ஏற்றினேன். மூன்று ‘வரேன்’ ஸ்டிக்கரில் இரண்டு தொல்லையில்லை: சல்யூட் அடிக்கும் குழந்தை, பெரிய எழுத்தில் ‘வந்துட்டோம்’ என்று எழுதிய ஒன்று. மூன்றாவது, காலேஜ் பையன் அனுப்பிய தேம்பித் தேம்பி அழும் பூனை. கருவி அதை வருத்தம், வரமுடியாது என்று வைத்தது. நானும் அப்படித்தான் வைத்திருப்பேன். அந்த வயசுப் பசங்களுக்கு அழுகை என்றால் ‘ஐயோ, விடியக்காலை 5 மணியா, சரி வந்து தொலைக்கிறேன்’ என்ற அர்த்தம் என்று மாமாதான் சொன்னார். "இவன் அழுதா வருவான்டா. சிரிச்சாத்தான் டவுட்டு" என்றார்.

டிரைவர் தம்பியின் ஸ்டிக்கர் வடிவேலு. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு, முகத்தைச் சுருக்கி, ஓடிவிடத் தயாராக ஒரு கால் பின்னால் வைத்த நிலை. கீழே வெள்ளை எழுத்தில் ‘ஆள விடுங்க’. தமிழ் தெரிந்த யாருக்கும் அந்த முகம் ஒன்றே போதும், எழுத்தே தேவையில்லை. கருவியின் விவரிப்பு: ஒரு ஆண் கைகூப்பி வணங்குகிறார், பணிவு அல்லது நன்றி. வடிவேலு என்ற பெயரே இல்லை. இப்படிப்பட்ட பல கருவிகள் முகத்தை வைத்து இவர் இன்னார் என்று சொல்வதைத் தவிர்க்கும்படி அமைக்கப்பட்டவை. அது நல்லதற்குத்தான், முன்பின் தெரியாதவர் போட்டோவைப் போட்டு ஆளைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு வழி வைக்கக்கூடாது. ஆனால் நம் ஸ்டிக்கர்களில் பாதி, முகம்தான் சொல். முகத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் கும்பிடு, கும்பிடு பற்றித்தான் மேலே பார்த்தோமே.

எழுத்தை ஏன் படிக்கவில்லை? இதற்கு நான் இரண்டு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஸ்டிக்கரின் பின்னணி ஒளிபுகும் பின்னணி, அதாவது நிறமே கிடையாது. வாட்ஸ்அப்பில் பார்க்கும்போது பின்னால் சாட் வால்பேப்பர் இருப்பதால் வெள்ளை எழுத்து தெரிகிறது. அதையே ஒரு கருவி வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால், ஓரக்கோடு போடாத வெள்ளை எழுத்து தாளோடு கரைந்துவிடும். கறுப்பில் வைத்தால் கறுப்பு எழுத்துள்ள ஸ்டிக்கர்கள் போய்விடும். என் கணினியில் பின்னணியை வெள்ளையாக்கித் திறந்து பார்த்தேன். எனக்கே எழுத்து தெரியவில்லை. பச்சை கலந்த ஒரு நிறத்தின் மேல் வைத்து PNG ஆக்கி மறுபடி ஏற்றியதும் ‘ஆள விடுங்க’ என்பதைச் சரியாகப் படித்து, விலகிக்கொள்கிறார் என்று சொல்லிவிட்டது. அதாவது டிரைவர் தம்பி தெளிவாகத்தான் எழுதியிருக்கிறான்.

ஐந்தாவது ஸ்டிக்கர் அசையும் வகை. ஒரு பொம்மை சிரித்துக் கையாட்டும், பிறகு அப்படியே சரிந்து போர்வையை இழுத்து மூடிப் படுத்துவிடும். அனுப்பியவர் சேன்பாக்கம் அண்ணன், காய்ச்சலில் கிடந்தார். கருவிக்குத் தெரிந்தது சிரித்துக் கையாட்டும் பொம்மை மட்டும். அசையும் படத்தைப் பெரும்பாலும் முதல் சட்டகத்தோடு நிறுத்திவிடுவதால் கதையின் முடிவு அதற்குப் போய்ச் சேரவே இல்லை. கடைசிச் சட்டகத்தை எடுக்கவும், நிறப் பின்னணி வைக்கவும் பைத்தானில் இவ்வளவுதான் தேவைப்பட்டது:

```python
from PIL import Image
im = Image.open("STK-20250604-WA0015.webp")
im.seek(im.n_frames - 1)
st = im.convert("RGBA")
bg = Image.new("RGBA", st.size, (90, 140, 120, 255))
bg.alpha_composite(st)
bg.convert("RGB").save("kadaisi.png")
```

இதில் நேராக `convert("RGB")` போட்டால் பின்னணி கலக்காது. ஒளிபுகும் தன்மையை மட்டும் தூக்கியெறிந்துவிட்டு, அடியில் இருந்த நிறத்தை, பெரும்பாலும் கறுப்பை, அப்படியே காட்டும். முதலில் நான் அதைத்தான் செய்து ஒரு மணி நேரம் வீணாக்கினேன்.

இவ்வளவு எதற்கு, ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் ஸ்டிக்கர், ரியாக்‌ஷன் எல்லாம் ஒன்றாகத் தெரியுமே என்று என் தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. போனில் நீளமாக உருட்டி ஒரே ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்: 1080 பிக்சல் அகலம், ஏறத்தாழ 9000 உயரம். கருவிகள் பெரிய படத்தை அப்படியே பார்ப்பதில்லை, ஓர் அளவுக்குச் சுருக்கிக்கொள்ளும். நீளப் பக்கம் 1500 ஆகச் சுருங்குகிறது என்று வைத்துக்கொண்டால் எல்லாம் ஆறில் ஒரு பங்கு. அகலம் 180 ஆகிவிடும். திரையில் 400 பிக்சல் இருந்த ஸ்டிக்கர் 67 பிக்சல். செய்தியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ரியாக்‌ஷன் குறி 50 பிக்சல் என்றால் எட்டே எட்டு பிக்சல், அதில் 👍க்கும் 🙏க்கும் வித்தியாசம் காண்பது கழுகுக்கும் முடியாது. நான் ஏற்றியபோது கருவி, எழுத்துச் செய்திகளிலேயே இரண்டு பெயரை மாற்றிப் படித்தது. திரை திரையாக ஆறு ஸ்கிரீன்ஷாட்டாக வெட்டிப் போட்டதும் எல்லாம் தெளிவாகிவிட்டது.

அப்போதும் ரியாக்‌ஷன் பிரச்சினை தீரவில்லை. செய்தியின் கீழே தெரிவது 👍 😢 6 என்ற சின்னக் குமிழிதான். ஆறு பேர் யார், அழுதது யார் என்று தெரிய அந்தக் குமிழியைத் தட்டவேண்டும். தட்டினால் பெயரோடு பட்டியல் வரும். அதைத் தனியாக ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்காதவரை எந்தப் படத்திலும் பெயர் இல்லை. இன்னொன்று, ஒருவர் ஒரு செய்திக்கு ஒரு ரியாக்‌ஷன்தான் வைக்க முடியும், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். புதன்கிழமை 👍 வைத்தவர் வெள்ளிக்கிழமை 😢 ஆக்கினால் பழையது சுவடில்லாமல் போய்விடும். அன்று 😢 வைத்த அக்கா அப்படி மாற்றியவர்தான். அந்த மாற்றம் தெரிந்திருக்கக்கூடியவர் மாமா ஒருவர்தான், செய்தி அவருடையது என்பதால் அறிவிப்பு அவர் போனுக்குத்தான் வரும்.

இதைக் கண்டுபிடித்த பிறகு ஓட்டெடுப்பு வசதியைப் போட்டுப் பார்த்தோம். குழுவுக்குள் பார்க்க நன்றாகவே இருந்தது. எக்ஸ்போர்ட் செய்த உரையில் ஒவ்வொரு விருப்பத்துக்கும் எத்தனை ஓட்டு என்ற எண் மட்டும் வந்தது, யார் போட்டது என்பது வரவில்லை. எண்ணை நம்பித்தான் ஏற்கெனவே சூடு கண்டிருந்தேன், அதனால் அதை விட்டோம்.

பிறகு மாமா, வர்றவங்க 1, வராதவங்க 2 என்று டைப் பண்ணுங்க என்று போட்டார். பாதிப் பேர் அப்படியே செய்தார்கள். காலேஜ் பசங்க 1️⃣ என்று நீலக் கட்டத்துக்குள் எண் வரும் ஈமோஜியை அனுப்பினார்கள். அது என்னவாகுமோ என்று பயந்தேன். ஆனால் அது உள்ளே சாதாரண 1, அதற்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் இரண்டு குறி என்று கட்டப்பட்டது, அதனால் கோப்பில் 1 என்று தேடினாலே மாட்டுகிறது. பாகாயம் பெரியவர் ‘1 🙏’ என்று அனுப்பினார். விருதம்பட்டு அக்கா பழையபடி வெறும் 🙏. விரல் இரண்டைக் காட்டும் ஸ்டிக்கர் ஒன்றும் வந்தது. அது 2-ஆ, வெற்றிக் குறியா என்று மாமாவுக்கே தெரியவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். எக்ஸ்போர்ட் கோப்பை ஒட்டுவதற்கு முன்னால் மாமாவின் செய்திக்குக் கீழே இருக்கும் குமிழியைத் தட்டி, பெயர்களைப் பார்த்து, கோப்பின் கடைசியில் என் கையால் ‘ரியாக்‌ஷன்: திருவலம் அண்ணன் 👍’ என்று வரி வரியாகச் சேர்க்கிறேன். ஆறேழு வரிதான் வரும். பிறகு கருவிக்கு மூன்று விதி எழுதிக் கொடுக்கிறேன். `<Media omitted>` வந்தால் ‘கேட்க வேண்டும்’. சொல் எதுவும் இல்லாமல் 🙏 மட்டும் வந்தால் ‘கேட்க வேண்டும்’. ஒவ்வொரு பெயருக்கும் ஆதார வரி கட்டாயம். ஸ்டிக்கரை வெட்டி நிறம் பூசி ஏற்றும் வித்தையை விட்டுவிட்டேன்; ஐந்து ஸ்டிக்கருக்கு அவ்வளவு பாடுபடுவதைவிட ஐந்து போன் சீக்கிரம் முடியும்.

ஆவணியில் வந்த அடுத்த பெரிய கல்யாணத்துக்கு இப்படிப் பட்டியல் எடுத்தபோது 11 பேர் வருகிறார்கள், மூன்று பேர் இல்லை, 10 பேர் கேட்க வேண்டும் என்று வந்தது. முந்தின பட்டியலைவிடப் பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது, பாதிக்குப் பாதி தெரியாது என்று சொல்கிற பட்டியல். பத்துப் பேருக்கும் போன் போட 20 நிமிடம் ஆனது. பத்தில் ஆறு பேர் வருவதாகச் சொன்னார்கள். அதில் விருதம்பட்டு அக்காவும் ஒருவர். இந்தத் தடவை அவருடைய கும்பிடு ‘சரிங்க’வாம்.

டிரைவர் தம்பிக்கு மட்டும் நான் தனியாகச் சொல்லிவைத்திருக்கிறேன், வண்டி விஷயம் வாய்ஸ் நோட்டில் சொல்லு என்று. சொல்கிறான். மூன்று செகண்ட்: "வரேன்ணா." அது முடிந்த கையோடு அதே வடிவேலு ஸ்டிக்கரையும் ஒன்று தட்டிவிடுகிறான்.